அனுமதிக் கடிதத்தின் எந்த நிபந்தனைக்கு எந்த ஆவணம்?

கேள்வி: கோவையில் உள்ள எங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு, இயந்திரம் வாங்க 90 லட்சம் ரூபாய் டேர்ம் லோன் அனுமதியாகியிருக்கிறது. மொத்தச் செலவு 1.20 கோடி. பணம் தருவதற்கு முன் நிறைவேற்ற வேண்டியவை என்று கடிதத்தில் நீண்ட பட்டியல் இருக்கிறது. கேட்டதையெல்லாம் கொடுத்த பிறகும் “நிபந்தனை பாக்கி” என்கிறார்கள். எதற்கு எது என்று நாங்களே எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: ஒவ்வொரு நிபந்தனைக்கும் பின்னால் வங்கி உறுதி செய்துகொள்ள விரும்பும் ஓர் உண்மை இருக்கிறது. ஆவணத்தின் பெயர் பொருந்தினாலும் அந்த உண்மை அதில் இல்லையென்றால், அதிகாரியால் அதை நிறைவேறியதாகக் குறிக்க முடியாது. எனவே நிபந்தனையைச் சுருக்காமல் கடிதத்தில் உள்ள வாசகத்திலேயே ஒரு தாளில் எழுதி, அது எதைக் காட்டச் சொல்கிறது, எந்தத் தேதி நிலவரப்படி, யார் கையொப்பத்துடன், அதைக் காட்டுவது எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம் என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் இடமே பெரும்பாலும் பாக்கி.

உங்கள் விஷயத்தில், நிறுவனம் தன் பங்காகப் போட வேண்டிய மார்ஜின் தொகை 30 லட்சம். இயந்திர விற்பனையாளருக்கு முன்பணம் கொடுத்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையையே பலரும் இதற்குக் கொடுக்கிறார்கள். பணம் எங்கே போனது என்பதைத்தான் அது சொல்லும். எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. அந்த முன்பணம் கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து போயிருந்தால், அது வங்கியின் பணமே அன்றி உங்கள் பங்கு ஆகாது. ஆகவே, இயக்குநரின் சொந்தக் கணக்கிலிருந்து நிறுவனக் கணக்குக்குப் பணம் வந்த வரி, அது விற்பனையாளருக்குச் சென்ற வரி, அவரது ரசீது ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடர வேண்டும். அவற்றைச் சரிபார்த்து, எந்தத் தேதிவரை எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று பட்டயக் கணக்காளர் யு.டி.ஐ.என். எண்ணுடன் தரும் சான்றிதழே இந்த நிபந்தனைக்கான ஆவணம். மற்றவை அதற்கு இணைப்புகள்.

அந்த 30 லட்சத்தை இயக்குநர் கடனாகத் தந்திருந்தால், இரண்டு காகிதங்கள் கூடும். ஒன்று, அது தாம் வெளியில் கடன் வாங்கித் தந்த பணம் அல்ல என்று இயக்குநர் நிறுவனத்துக்கு எழுதித் தரும் உறுதிமொழி. நிறுவனச் சட்டத்தின் வைப்புத்தொகை விதிகள் இதைக் கேட்கின்றன. மற்றொன்று, வங்கிக் கடன் தீரும்வரை அதைத் திரும்பப் பெறமாட்டோம் என்ற கடிதம். அனுமதிக் கடிதத்தில் இது பெரும்பாலும் வேறொரு எண்ணில், மார்ஜினோடு தொடர்பே இல்லாததுபோல இருக்கும்.

“வழக்கறிஞரின் சட்டக் கருத்துப்படி அடமானம்” என்ற ஒற்றை வரி இன்னொரு பட்டியலை உள்ளே வைத்திருக்கிறது. சட்டக் கருத்தின் இறுதியில், அசலாக ஒப்படைக்க வேண்டிய பத்திரங்களை வழக்கறிஞர் வரிசைப்படுத்தியிருப்பார்: தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று, தற்போதைய உரிமையாளர் பெயரிலான பட்டா என்று. அந்த வரிசை முழுவதையும் உங்கள் தாளில் தனித்தனி வரிகளாக ஏற்றுங்கள். வில்லங்கச் சான்றில் பார்க்க வேண்டியது, அது எந்தத் தேதிவரை தேடப்பட்டது என்பதை. கருத்து எழுதுவதற்காக முன்பு எடுத்த சான்று அந்த நாளோடு நின்றுவிடும். “இன்றுவரை” என்று நிபந்தனை சொன்னால், இடைப்பட்ட காலத்துக்கும் சேர்த்துப் புதிதாக எடுக்க வேண்டும்.

இயக்குநர் குழுத் தீர்மானத்திலும் தேதியே சிக்கல். கடனுக்கு விண்ணப்பிக்க நிறைவேற்றிய பழைய தீர்மானம் போதாது. அனுமதிக் கடிதத்தின் எண், தேதி, தொகை, பிணையம், கையொப்பமிடுபவர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அனுமதிக்குப் பிந்தைய கூட்டத்தில் நிறைவேற்றியதாக இருக்க வேண்டும். கூட்டம் நடத்தாமல் சுற்றறிக்கை முறையில் கையொப்பம் வாங்கியது செல்லாது. கடன் வாங்கும் அதிகாரத்தைக் கூட்டத்தில்தான் பயன்படுத்த வேண்டும் என்று நிறுவனச் சட்டத்தின் 179(3) பிரிவு சொல்கிறது. வங்கியின் பொதுப் படிவம் 180(1)(c) பிரிவின் கீழ் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் கேட்டிருக்கலாம். கணக்கறிக்கையையும் ஆண்டறிக்கையையும் ஒழுங்காகத் தாக்கல் செய்துவரும் பிரைவேட் நிறுவனத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. 2015 முதல் இந்த விலக்கு உண்டு. ஆனாலும் அந்த வரியைப் பேசாமல் விட்டுவிடக் கூடாது.

சில நிபந்தனைகள் முன்கூட்டியே நிறைவேற முடியாதவை. பிணையத்தைப் பதியும் சி.எச்.ஜி-1 படிவத்தைப் பிணையம் உருவான பிறகே தாக்கல் செய்ய முடியும்; அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. வந்து சேராத இயந்திரத்துக்கு, நிறுவி இயக்கும்போது எடுக்கும் காப்பீட்டைக் காட்டவும் முடியாது. இத்தகைய வரிகள் முன்நிபந்தனைப் பட்டியலில் இருந்தால், காரணத்தை எழுதி, பணம் பெற்ற பிறகு நிறைவேற்ற வேண்டியவற்றில் சேர்க்குமாறு கடிதம் கொடுங்கள். சிறப்புத் தீர்மானத்தையும் இதே கடிதத்தில் எழுப்பலாம். கிளை மேலாளர் “பரவாயில்லை” என்று வாய்மொழியாகச் சொன்னால் அதை நிறைவேறியதாகக் குறிக்காதீர்கள். கடனை அனுமதித்த அதிகாரியிடமிருந்து எழுத்தில் திருத்தம் வர வேண்டும். அதற்கும் நாளாகும் என்பதால், அனுமதிக் கடிதம் காலாவதியாகும் தேதியைப் பார்த்து, மற்ற ஆவணங்களுக்காகக் காத்திராமல் இந்தக் கடிதத்தை முதலில் அனுப்பிவிடுங்கள்.