ரோட்டைத் தாண்டிய பிறகும் கையை விடவில்லையா?

"சொந்த ஊர் திருமங்கலம், வயது 25. மதுரையில் ஐ.டி. வேலை. கூட வேலை பார்க்கும் தோழி மும்பையில் வளர்ந்தவள். பார்த்ததும் கட்டிப்பிடிக்கிறாள், அடிக்கடி கையைப் பிடித்துக்கொள்கிறாள். இது காதலா, அவள் பழக்கமே அப்படியா?"

ஒரு வாரம் அவர் மற்றவர்களிடம் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். டீமில் இருக்கும் எல்லாரையும் அப்படித்தான் கட்டிப்பிடிக்கிறார் என்றால், நாம் வணக்கம் வைப்பது போல அவருக்கு அது. நம் ஊரில் இரண்டு ஆண்கள் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு மாசி வீதியைச் சுற்றி வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆணும் பெண்ணும் அப்படி நடந்தால் நான்கு டீக்கடையில் பேச்சாகிவிடும். அந்தக் கண்ணோடுதான் நீங்கள் அவரைப் பார்க்கிறீர்கள்.

1960களில் சிட்னி ஜுரார்ட் என்ற உளவியலாளர், காபிக் கடைகளில் சேர்ந்து உட்கார்ந்திருப்பவர்கள் மணிக்கு எத்தனை முறை தொட்டுக்கொள்கிறார்கள் என்று எண்ணினார். பாரிஸில் 110 முறை, லண்டனில் ஒருமுறைகூட இல்லை. லண்டன்காரர்கள் நட்பில்லாதவர்களா என்ன?

உங்களிடம் மட்டும்தான் இப்படி என்றால், தொடுவதற்கான காரணம் முடிந்ததும் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். காளவாசலில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ரோட்டைத் தாண்டும்போது கையைப் பிடிக்கிறார். எதிர்ப்பக்கம் ஏறியதும் விட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தால் அது துணைக்குப் பிடித்த கை. ரோடு தாண்டி வெகுதூரம் வந்தும் விடவில்லை, விரலோடு விரல் கோத்திருக்கிறார், கட்டைவிரல் உங்கள் கையை மெல்ல வருடுகிறது, தெரிந்தவர் எதிரே வந்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறார் என்றால் அது வேறு கதையாக இருக்கலாம். கட்டிப்பிடிப்பதும் அப்படித்தான். முதுகில் இரண்டு தட்டு தட்டி விலகுவது தோழமை. பேச்சு நின்று, விலக மனமில்லாமல் நிற்பது அப்படியில்லை.

'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். தொட்டுத் தொட்டுப் பேசும் வீட்டில் வளர்ந்தவர்கள் நெருங்கிய நண்பரிடம் இதையெல்லாம் சாதாரணமாகச் செய்வார்கள். போதாததற்கு, பெண்ணின் சிநேகத்தைக் காதல் ஆர்வமாக எடுத்துக்கொள்வது ஆண்களிடம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என்னிடம் வருகிற பையன்களும் பத்து அடையாளம் எழுதிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு வேண்டிய பத்து மட்டும் அதில் இருக்கும்.

பதிலுக்கு நீங்களும் கொஞ்சம் கூடுதலாகத் தொட்டுப் பார்த்து ஆழம் பார்க்க வேண்டாம். அவர் அதை விரும்பாவிட்டால் நட்பும் போகும், ஆபீஸில் புகாரும் வரும். தனியாக டீ குடிக்கும்போது, "எங்க ஊர்ப்பக்கம் இப்படிக் கையைப் பிடிச்சா வேற அர்த்தம். நீ எப்படி நினைக்கிறேன்னு தெரியல, அதான் கேட்கிறேன்" என்று ஒருமுறை கேளுங்கள். "அட, நான் எல்லார்கிட்டயும் இப்படித்தான்" என்று சிரித்தால் அதுதான் பதில்; மறுபடி கேட்காதீர்கள். அதன் பிறகும் அவர் கட்டிப்பிடிக்கும்போது உங்கள் மனசு அலைபாய்ந்தால், "எனக்கு ஒரு ஹாய் போதும்" என்று சொல்லிவிடுங்கள்.