120 பேருக்குப் பட்டியல் போட்டால் வெங்காயம் ஏன் குறைகிறது?

கேள்வி: ஐயா, குடியாத்தத்தில் பையனுக்குக் காதுகுத்து, 120 பேர். ஆம்பூர் பிரியாணி, வெங்காயப் பச்சடி, எண்ணெய்க் கத்தரிக்காய். செல்போன் ஷீட்டில் எல்லாவற்றையும் 15-ஆல் பெருக்கினேன், மாஸ்டர் வெங்காயம் பத்தாது என்கிறார். எங்கே தப்பு?

மாஸ்டர் சொல்வது சரிதான். உங்கள் பிரியாணிக் குறிப்பு 8 பேருக்கு, அதனால் 15 மடங்கு. ஆனால் பச்சடிக் குறிப்பு 4 பேருக்கு என்றால் 30 மடங்கு, கத்தரிக்காய் 10 பேருக்கு என்றால் 12 மடங்கு. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டதுதான் வினை. பெருக்கும் எண்ணை நீங்கள் தட்டவே வேண்டாம், ஷீட்டே போடட்டும். A-யில் பொருள், B-யில் குறிப்பு எத்தனை பேருக்கு, C-யில் கிராம், F1-இல் 120. D2-வில் முதல் வரியைப் போட்டுக் கீழே இழுங்கள், இரண்டாவது வரி கடைப் பட்டியலுக்கு, அதை A, D தவிர வேறு இடத்தில், F3-இல் போடுங்கள்:

```
=C2*$F$1/B2
=SUMIF(A:A,"பெரிய வெங்காயம்",D:D)/1000
```

பிரியாணிக்கு 500 கிராம் 7.5 கிலோ ஆகும், பச்சடிக்கு 200 கிராம் 6 கிலோ, கத்தரிக்காய்க்கு 250 கிராம் 3 கிலோ. மொத்தம் 16.5. உங்கள் முறையில் 14.25-தான் வரும், பச்சடியில் மட்டும் 3 கிலோ துண்டு விழும். ஒரு இடத்தில் 'பெரிய வெங்காயம்', இன்னொரு இடத்தில் வெறும் 'வெங்காயம்' என்று எழுதினாலோ, பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டாலோ அந்த வரி கூட்டலில் சேராது, ஷீட்டும் வாயே திறக்காது. அப்புறம், இந்தச் சமையல் ஆப்களில் '2 நடுத்தர வெங்காயம்' என்று எழுதி வைத்து '60 நடுத்தர வெங்காயம்' என்று பட்டியல் தருகிறார்களே, எந்த மளிகைக்காரர் எண்ணிக் கொடுப்பார்? ஒரு தரம் தராசில் வைத்துக் கிராமாக்கி எழுதிவிடுங்கள்.

தண்ணீரை மட்டும் பெருக்கவே பெருக்காதீர்கள். அரிசியைத் தனியாக வேகவைத்து வடிக்கிறீர்கள், அது வேறு கதை. நான் சொல்வது கறி மசாலாவில் ஊற்றும் தண்ணீர். கறி 15 மடங்கு ஆனாலும் அண்டாவின் வாய் 15 மடங்கு அகலாது. ஆவி போவது வாய் வழியாகத்தான், அதனால் வீட்டில் சுண்டுகிற அளவுக்கு அங்கே சுண்டாது. தக்காளியும் தயிரும் வேறு நீர் விடும். வீட்டில் ஒரு டம்ளர் என்று அண்டாவில் 15 டம்ளர் ஊற்றினால் மசாலா சாம்பார் மாதிரி நிற்கும், மேலே போடும் சீரகச் சம்பா குழைந்துவிடும். பாதிக்கும் கீழே ஊற்றிப் பார்த்துச் சேர்க்கச் சொல்லுங்கள். உப்பும் மிளகாய் விழுதும் அப்படித்தான், வாங்குவது ஷீட் கணக்கில், போடுவது மாஸ்டர் நாக்கில்.

கடைசியாக, 'நானே சீட்டு எழுதித் தர்றேன், இந்தக் கடையிலதான் வாங்கணும்' என்று வரும் ஏஜென்ட். எனக்கே நடந்தது. என் ஷீட்டில் எண்ணெய் 5 லிட்டர், அவர் சீட்டில் ஒரு டின். கடைக்காரர் தரும் கமிஷன் அந்த டின்னில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தலைக்கு எத்தனை கிராம் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் உங்கள் D-யைப் பார்த்து நீங்களே போய் வாங்குங்கள்.