ஐந்து கட்டங்களில் ஒரு மனம்

வணக்கம் அண்ணா,

நான் புதுக்குடியிருப்புப் பக்கம். ஆறு வருடமாக முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறேன். போன மாதம் ஒரு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர் வேலைக்கு விண்ணப்பித்தேன். கிளிநொச்சிக்கு அழைத்து, மனவெழுச்சி நுண்ணறிவை அளக்கும் ‘ஈக்யூ டெஸ்ட்’ என்று 40 கேள்விகள் தந்தார்கள். எனக்கு 100க்கு 52. “வாழ்க்கை வெற்றியில் 80 வீதம் ஈக்யூதான், 20 வீதம்தான் ஐக்யூ, இது விஞ்ஞானம் நிரூபித்தது” என்றார் அங்கே வந்த வளவாளர். வேலை கிடைக்கவில்லை. ஒரு பிள்ளை படலையில் வரும்போதே வீட்டில் ஏதோ நடந்திருக்கு என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்படி இருக்க, மற்றவர் மனதை அறியும் அறிவு எனக்குக் குறைவு என்று எடுத்துக்கொள்வதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

இல்லை, அப்படி எடுத்துக்கொள்ள அந்த 52இல் ஆதாரம் எதுவும் இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தாள் வன்னியில் இப்போது பல பயிற்சிகளில் கைமாறுகிறது.

அதில் இருந்த கேள்விகள் ‘மற்றவர்களின் உணர்வுகளை என்னால் இலகுவில் புரிந்துகொள்ள முடியும்’ என்ற மாதிரி இருந்திருக்கும். பக்கத்தில் ஐந்து கட்டம், ‘முற்றாக உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றாக உடன்படவில்லை’ வரை. நாற்பது கேள்வியை ஒரே மூச்சில் கொடுத்துப் புள்ளி போடுகிறார்கள் என்றால் அநேகமாக இந்த வகைதான். அது உங்கள் திறமையைக் கேட்கவில்லை, உங்கள் திறமையைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டது. உழவு இயந்திரம் நன்றாக ஓட்டுவீர்களா என்று கேட்டு, ‘ஓம்’ என்று புள்ளடி போட்டவனுக்கு லைசன்ஸ் கொடுப்பதில்லை. ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள்.

மனவெழுச்சி நுண்ணறிவு என்ற பெயருக்குள் ஆரம்பத்திலிருந்தே இந்த இரண்டு விஷயமும் கலந்து கிடக்கின்றன. பீட்டர் சலோவே, ஜோன் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990இல் எழுதிய கட்டுரையில் அது ஒரு திறமை: முகத்தில், குரலில் இருப்பதை இனங்காண்பது, உணர்ச்சியைக் கையாள்வது, அதைச் சிந்திப்பதற்குப் பயன்படுத்துவது. 1995இல் டானியல் கோல்மன் எழுதிய புத்தகம் உலகம் முழுக்க விற்றபோது விடாமுயற்சி, தன்னம்பிக்கை, தலைமைத்துவம் எல்லாம் அதே பெயருக்குள் வந்துவிட்டன. அந்த 80 வீதமும் அங்கிருந்து பிசகி வந்ததுதான். ஐக்யூ அதிகபட்சம் 20 வீதம் பங்களிக்கும், மிச்சம் 80 வேறு காரணிகளுக்கு என்று அவர் எழுதினார். அந்த ‘வேறு’ என்பதில் பிறந்த குடும்பமும் வசதியும் அதிர்ஷ்டமும் அடக்கம். 80உம் ஈக்யூ என்பது தவறான வாசிப்பு என்று பிறகு அவரே சொல்ல வேண்டி வந்தது.

சரி, திறமையாகவே அளந்து பார்க்கும் பரீட்சை உண்டா? உண்டு. மேயர், சலோவே, டேவிட் கருசோ மூவரும் 2002இல் வெளியிட்டது அதிகம் தெரிந்தது. 141 கேள்விகள். முகப் படத்தைக் காட்டி இதில் எவ்வளவு கோபம், எவ்வளவு பயம் என்று கேட்பார்கள். ஒரு சம்பவத்தைச் சொல்லி எந்தச் செயல் எவ்வளவு உதவும் என்று கேட்பார்கள். இந்தப் பரீட்சையின் புள்ளியையும், உங்களுக்குத் தந்தது போன்ற தாளின் புள்ளியையும் ஒரே ஆட்களிடம் எடுத்து ஒப்பிட்டபோது இணைவு 0.2 அளவில்தான் வந்தது. இரண்டும் முற்றாக ஒத்துப்போனால் அது 1 ஆக இருக்கும். ஒன்றில் ஆட்களுக்கிடையே தெரியும் வித்தியாசத்தில் 4 வீதம் மட்டுமே மற்றதில் தெரிகிறது. ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள் என்றே நான் இதை வாசிக்கிறேன். 2014இல் வந்த ஓர் ஆய்வில் முகாமைத்துவ முதுமாணி மாணவர்களைச் சோதித்தார்கள். திறமைப் பரீட்சையில் கடைசியில் வந்தவர்கள்தான் தங்களைப் பற்றி அதிகம் கூட்டி மதித்திருந்தார்கள். ‘முற்றாக உடன்படுகிறேன்’ என்று புள்ளடி போடக் கூச்சப்படும் ஒருத்தியை அந்தத் தாள் கீழே இறக்கும், கூச்சமே இல்லாதவனை மேலே ஏற்றும்.

ஆனால் திறமைப் பரீட்சையிலும் ஓர் இடம் மெல்லியது. எனக்கு அதுதான் முக்கியம். கணக்கில் சரியான விடை உண்டு. மன விஷயத்தில் எது சரி என்று யார் சொல்வது? அந்தப் பரீட்சை, முன்பு ஆங்கிலத்தில் அதை எழுதிய ஏறத்தாழ 5,000 பேர் என்ன சொன்னார்கள் என்று பார்க்கிறது. நூறில் அறுபது பேர் தெரிவு செய்த விடையை நீங்களும் தெரிவு செய்தால் 0.60, பத்துப் பேர் தெரிவு செய்ததைத் தெரிவு செய்தால் 0.10. இதற்குப் பதிலாக உணர்ச்சி பற்றி ஆராயும் 21 பேரின் விடைகளை வைத்தும் திருத்தலாம். இரண்டு முறையிலும் புள்ளிகள் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன என்பது அவர்களின் நியாயம். இருந்தாலும், பெரும்பான்மை தவறவிடுவதைக் காண்கிற ஆளுக்கு இந்த முறையில் புள்ளி குறையும்.

நானும் முன்பு ஒரு வாழ்வாதாரத் திட்டத்தில் களத்தில் நின்றவன். முள்ளியவளைப் பக்கம் ஒரு அம்மாவின் வீட்டுக்கு எங்கள் மூத்த உத்தியோகத்தரோடு போயிருந்தேன். மகன் 2009இல் காணாமல் போனவன். அம்மா சிரித்த முகம். “எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி, கோழிக்கூடு தந்தால் காணும்” என்றா. நான் ‘ஆள் தெளிவாக இருக்கிறா’ என்று மனதில் எழுதிக்கொண்டு படிவத்தைப் பிரித்தேன். அவவின் மடியில் பொலித்தீன் பை ஒன்று, உள்ளே போட்டோக்கொப்பிகள். அதன் முடிச்சை அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாக விரல்கள் நிற்கவில்லை. மூத்தவர் என் படிவத்தை மெல்ல மூடினார். “அம்மா, வேலி சரிஞ்சு கிடக்கு, ஒரு கம்பு தாங்கோ” என்று எழும்பிவிட்டார். படிவத்தை அடுத்த கிழமைதான் நிரப்பினோம். அன்றைக்கு அந்த முகத்தைப் படம் எடுத்து நூறு பேருக்குக் காட்டியிருந்தால் அதிகம் பேர் ‘மகிழ்ச்சி’ என்றே எழுதியிருப்பார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

மொழியும் இருக்கிறது. எங்கள் சனம் கவலையைக் கவலை என்று சொல்வது குறைவு. நெஞ்சு அடைக்குது, தலை விறைக்குது, சாப்பாடு இறங்குதில்லை என்பார்கள். மொழிபெயர்த்த தாளில் ‘என் உணர்வுகளை வார்த்தைகளில் வெளிப்படுத்துவேன்’ என்ற கேள்விக்கு அவர்கள் இல்லை என்று போட்டால் அது குறையா? அந்தத் தாளை இங்கேயுள்ள ஆட்களிடம் சோதித்துச் சராசரி எடுக்காமல் 52 கூடவா குறையவா என்றுகூடச் சொல்ல முடியாது.

வேலைத் திறனோடு தொடர்பே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. ஆட்களோடு பழகுவதே வேலையாக உள்ள இடங்களில் திறமைப் பரீட்சை சிறிது முன்கூட்டிச் சொல்கிறது. மற்ற வேலைகளில் அப்படித் தெரியவில்லை. நீங்கள் எழுதிய வகைத் தாளும் வேலைத் திறனோடு ஒத்துப்போவதாகத்தான் முதலில் தெரிந்தது. 2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் பொறுப்புணர்வு, மன உறுதி, கலகலப்பு, தன்னம்பிக்கை, பொது நுண்ணறிவு, திறமைப் பரீட்சைப் புள்ளி முதலியவற்றைக் கழித்தார்கள். தாளுக்கென்று மிஞ்சியது ஏறத்தாழப் பூச்சியம். ஏற்கெனவே வேறு பெயரில் அளந்துகொண்டிருந்ததைத்தான் அது திரும்ப அளந்திருக்கிறது.

உங்கள் படலைக் கதையையும் அப்படியே நம்பிவிடச் சொல்லவில்லை. அதுவும் உங்களைப் பற்றி நீங்கள் சொல்வதுதான். ஆனால் அதைச் சோதிக்கலாம். ஒரு மாதம், பிள்ளை வரும்போது நினைத்ததை ஒரு கொப்பியில் உடனே எழுதி வையுங்கள். பின்னேரம் கூட்டிப்போக வரும் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ சாதாரணமாகக் கதைக்கும்போது வருவதைப் பக்கத்தில் எழுதுங்கள். பிழைத்த நாட்களையும் விடாமல் எழுதுங்கள். அடுத்த நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு போங்கள். அங்கேயும் இதே தாளைத் தந்தால், இது எந்தப் பரீட்சை, யாரிடம் எடுத்த சராசரியோடு ஒப்பிடுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.