நடந்ததை மாற்றாமல், வார்த்தையால் மட்டும் கதைசொல்லியை நம்ப முடியாதவனாக்குவது

கேள்வி: கதை சொல்பவன் எதையும் மறைக்கக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. ஆனால் அவனை முழுசாக நம்ப முடியாது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். வெறும் வார்த்தைத் தேர்வால் இதைச் செய்ய முடியுமா? எப்படி?

முடியும். தமிழில் இதற்கு நல்ல வசதியும் இருக்கிறது, ஏனென்றால் நம் வினைச்சொல்லின் கடைசி எழுத்திலேயே யார் செய்தார் என்பது ஒட்டிக்கொண்டு வரும். விற்றேன் என்றால் நான். விற்றாகிவிட்டது என்றால் யாருமே இல்லை. தன்னை நியாயப்படுத்திக்கொள்கிற மனிதன் இந்த இடத்தில்தான் விளையாடுவான். நான் கடலூர்க்காரன், இந்த வகையில் ஒரு கதை எழுதிப் பல முறை திருத்தியிருக்கிறேன், அதையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக விழுந்தன. கதையில் அங்கே ஓர் அண்ணன், அவன்தான் கதை சொல்கிறவன், தங்கை கல்யாணமாகி புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கிறாள். முதல் வேலையாக, கதையைத் தொடுவதற்கு முன்னாலேயே, நடந்ததை மட்டும் ஒரு தாளில் இப்படி எழுதி வைத்துக்கொண்டேன்:

"புயலில் தோப்பில் 11 பலா மரம் விழுந்தது. அதில் 4 தங்கை பாகத்தில் நின்றவை. பொங்கலுக்கு முன்னால் பதினொன்றையும் மர வியாபாரிக்கு 66,000 ரூபாய்க்கு விற்றேன். தங்கையிடம் சொல்லவில்லை. பொங்கல் சீரோடு அவளுக்கு 5,000 கொடுத்தேன். மாசியில் வந்து கணக்குக் கேட்டாள். மீதியை நான் செலவழித்துவிட்டேன்."

இந்தத் தாளை அதற்குப் பிறகு மாற்றவே கூடாது, மரம் பன்னிரண்டாகவும் ஆகாது, பணம் குறையவும் குறையாது. இப்போது அண்ணன் வாயில் அதே விஷயம்:

"புயல் அன்று தோப்பில் 11 பலா சாய்ந்துவிட்டது. அதில் 4 பாப்பா பாகம். கிடக்கிற மரத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது, பொங்கலுக்கு முன்னாலேயே பதினொன்றையும் மர வியாபாரியிடம் தள்ளிவிட வேண்டியதாகிவிட்டது, 66,000 வந்தது. புருஷன் வீட்டில் இருக்கிறவளிடம் இதையெல்லாம் சொல்லித் தொந்தரவு செய்யவில்லை. பொங்கல் சீரோடு, அவள் வாய் திறந்து கேட்காமலே, முழுசாக 5,000 கொடுத்தேன். மாசியில் வந்து நின்றுகொண்டு கணக்கு என்றாள். மீதி செலவாகிப் போயிருந்தது."

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு இதில் 'ஏன்' என்று முடிகிற வினைகளை வட்டம் போட்டுப் பாருங்கள். தாளில் மூன்று இருந்தன: விற்றேன், கொடுத்தேன், செலவழித்துவிட்டேன். இங்கே மிச்சம் இருப்பது கொடுத்தேன் ஒன்றுதான். விற்றது 'வேண்டியதாகிவிட்டது', செலவு தானாக 'ஆகிப் போயிருந்தது'. தங்கையிடம் சொல்லாமல் விட்டதற்கு 'இல்லை' என்ற முடிவு போதும், அதில் நான், நீ, அவன் எதுவுமே வராது. அவன் எதையும் மறைக்கவில்லை, ஆனால் நல்ல காரியம் ஒன்றில் மட்டும்தான் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சொல் 'கேட்காமலே'. அது அப்பட்டமான உண்மை. விற்றதே தெரியாதவள் எப்படிக் கேட்பாள்? முந்தின வரியில்தான் சொல்லவில்லை என்று அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான், அந்த இரண்டு வரியையும் வாசகர் சேர்த்துப் படித்த கணத்தில் அண்ணன் மாட்டிக்கொள்கிறான். இப்படி உண்மையாகவும் இருந்து வக்காலத்தும் வாங்குகிற சொல் ஒன்று கிடைத்தால் பத்து அடைமொழியைத் தூக்கிப் போட்டுவிடலாம். அப்புறம், தங்கையை அவன் அழைக்கிற விதத்தையும் கவனியுங்கள், பாகம் பிரித்துச் சொல்லும்போது பாப்பா, சொல்லாமல் விட்டதைப் பேசும்போது 'புருஷன் வீட்டில் இருக்கிறவள்'. உறவு அதேதான், பணம் கிட்டே வந்ததும் அவள் கொஞ்சம் தூரமாகிவிடுகிறாள்.

ஆனால் இது மட்டும் போதாது. இப்படித்தான் இவன் எப்போதுமே பேசுவான் போல என்று வாசகர் கடந்துபோய்விடலாம். அதனால் இரண்டு பக்கம் முன்னால், புயல் சேதத்தைச் சொல்கிற இடத்தில், ஒரு வரி வைத்தேன்: "பக்கத்துத் தோப்புக்காரன் தம்பி பாகத்து மரத்தையும் சேர்த்து விற்று முழுங்கினான்." அதே காரியம்தான். அடுத்தவன் செய்தால் முழுங்கினான், தான் செய்தால் வேண்டியதாகிவிட்டது. அண்ணனுக்குச் சரியான சொல் தெரியாமல் இல்லை, தனக்கு அதை எடுக்க மாட்டேன் என்கிறான், அவ்வளவுதான். இந்த இரண்டு வரிக்கும் நடுவில் போதிய இடைவெளி வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆசிரியர் விரலை நீட்டிக் காட்டுவது போல ஆகிவிடும்.

அதே காரணத்துக்காக மற்ற பக்கங்களில் அவன் சாதாரணமாகத்தான் பேச வேண்டும். தோப்பைப் பற்றிச் சொல்லும்போது "நட்டேன், தண்ணீர் ஊற்றினேன், முதல் காய்ப்பைப் பார்த்து அழுதேன்" என்று பளிச்சென்று பேசுகிறவன், பணம் வருகிற பத்தியில் மட்டும் வழுக்கினால்தான் அந்த வழுக்கல் கண்ணில் படும். கதை முழுக்க 'ஆகிவிட்டது' என்று நிரப்பினால் அது அவன் பேச்சு நடையாகத் தேய்ந்துவிடும்.

நான் சறுக்கிய இடங்களையும் சொல்கிறேன். முதல் வடிவத்தில் "கிடந்தால் செல்லரித்துப் போகுமே" என்று எழுதியிருந்தேன். படித்த தச்சர் ஒருவர், பலாவின் வைரத்தைச் செல் லேசில் தொடாது, அதனால்தானே வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அந்தக் கட்டையைத் தேடி வாங்குகிறார்கள் என்றார். அந்த ஒரு சொல்லால் அண்ணன் பொய் சொல்கிறவனாக மாறியிருந்தான், அது வேறு கதை, வேறு உத்தி. நியாயம் சொல்லும்போது உலகத்தைப் பற்றிய தகவல் எதையும் அவன் கையில் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அது சரியான தகவலா என்று பாருங்கள். "எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது" என்ற கேள்வியில் சரி, தப்பு என்று எதுவும் இல்லை, அதனால் அது தப்பித்தது.

இன்னொரு சறுக்கல் எதிர்ப்பக்கமாக. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் சித்தியிடம் கொடுத்து, படித்ததும் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். "பாவம், நல்ல அண்ணன், கேட்காமலே காசு கொடுத்திருக்கான்" என்றார். பார்த்தால், 4 மரம் தங்கையுடையது என்ற தகவலை நான் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு மறந்துபோயிருந்தேன், சித்தியும் மறந்துவிட்டார். அப்படியானால் நான் வார்த்தையால் செய்ததாக நினைத்த வேலையை உண்மையில் மறைப்புதான் செய்திருக்கிறது. அதனால் 11, 4, 66,000, 5,000 நான்கையும் ஒரே பத்திக்குள் கொண்டுவந்தேன். ஒரு மரம் 6,000, தங்கைக்கு வர வேண்டியது 24,000 என்ற கணக்கை அண்ணனும் போட மாட்டான், நானும் போடவில்லை, வாசகர் போட்டுக்கொள்வார். மறுபடி கொடுத்தபோது சித்தி பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "மீதி பத்தொன்பதாயிரம் எங்கடா?" என்றார்.

முடிவில் தங்கைக்கு ஒரே ஒரு வரி கொடுத்தேன், அவள் பேசியதை அண்ணன் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே சொல்கிறான். அண்ணன் செய்ததை விற்றது என்று நேராகச் சொல்லும் வினை கதையில் அங்கே மட்டும்தான் வருகிறது:

"எம் மரம் நாலையும் நீ வித்துட்டியாண்ணே?"

"மரம் போயி ரெண்டு மாசம் ஆவுது பாப்பா" என்று அவன் பதில் சொல்கிறான்.