ஐசின் நம்பர் இருந்தால் அது லிஸ்டட் கம்பெனியா?

"தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் ஒரு கம்பெனியின் பங்கை வாங்கச் சொல்கிறார். ஐசின் நம்பர் இருக்கிறது, டீமேட்டிலேயே வந்துவிடும், லிஸ்டட் கம்பெனிதான் என்கிறார். உண்மையிலேயே பங்குச் சந்தையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?"

நீங்கள் இன்னும் பணம் அனுப்பவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அனுப்பும் முன் கேட்டதே நல்லது. என் சித்தப்பா அனுப்பிய பிறகுதான் என்னிடம் கேட்டார்.

ரிட்டயர் ஆகி வந்த பணத்தில் 4 லட்சத்து 20 ஆயிரம். 600 பங்குகள், ஒன்று 700 ரூபாய். விற்றவர் சித்தியின் உறவுக்காரர். கம்பெனியின் பெயர் ஊரறிந்த ஒரு குழுமத்தின் பெயரில்தான் ஆரம்பிக்கும். கூடவே வாட்ஸப்பில் ஒரு விலை வரைபடமும் அனுப்பியிருந்தார். ஒரு வாரத்தில் பங்குகள் டீமேட்டுக்கு வந்தன, டெபாசிட்டரியிலிருந்து குறுஞ்செய்தியும் வந்தது. ஆனால் அவருடைய புரோக்கர் ஆப்பில் அந்தப் பெயரைத் தேடினால் எதுவும் வரவில்லை. "ஆப்ல ஏதோ கோளாறு, கொஞ்சம் பாருப்பா" என்று போனை என்னிடம் நீட்டினார்.

கோளாறு ஆப்பில் இல்லை. ஐசின் என்பது பங்கின் அடையாள எண், அவ்வளவுதான். அது சந்தையில் இருப்பதற்கான சான்று இல்லை. 2018 அக்டோபர் 2 முதல், பட்டியலிடப்படாத பொது நிறுவனங்களும் புதிய பங்குகளை டீமேட் வடிவில்தான் வெளியிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே சந்தைப் பக்கமே வராத கம்பெனிக்கும் ஐசின் இருக்கும், அதன் பங்கும் உங்கள் டீமேட்டில் வந்து உட்காரும். சந்தையிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் அந்த எண் இருக்கலாம். இதைச் சொன்னபோது சித்தப்பா நம்பவில்லை. "கவர்மென்ட் நம்பர் கொடுத்திருக்கே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

என்றாலும் அதே ஐசினை வைத்துத்தான் உண்மையைப் பிடிக்க முடியும். எம்ஆர்எஃப் பங்கின் ஐசினைப் பாருங்கள்: INE883A01011. IN என்றால் இந்தியா, E என்றால் கம்பெனி, 883A அந்தக் கம்பெனிக்கான குறி, அடுத்து வரும் 01 சாதாரணப் பங்கு. அந்த இடத்தில் 07 இருந்தால் அது கடன் பத்திரம். கடைசி எண் சரிபார்ப்புக்கு. இனி nseindia.com அல்லது bseindia.com தளத்துக்குப் போய் கம்பெனியைத் தேடுங்கள். எம்ஆர்எஃப் என்றால் என்எஸ்இயில் MRF என்ற குறியீடு, பிஎஸ்இயில் 500290 என்ற ஆறு இலக்க எண் வரும். பக்கத்திலேயே ஐசினும் இருக்கும். ஏஜெண்ட் கொடுத்த ஐசினையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 12 எழுத்தும் ஒன்றா என்று பாருங்கள். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிசிஎஸ் சந்தையில் இருக்கிறது, அதன் தாய் நிறுவனமான டாடா சன்ஸ் இல்லை. குழுமத்தின் பெயரைத் தேடினால் ஏதாவது ஒரு குறியீடு வரத்தான் செய்யும்.

சித்தப்பா விஷயத்தில் நடந்தது இதேதான். வரைபடத்தின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு குறியீடு இருந்தது. அதைத் தேடினால் வந்தது தாய்க் கம்பெனி. அதன் ஐசினில் நடுவில் இருக்கும் நான்கு எழுத்துக் குறி வேறு, சித்தப்பாவின் டீமேட்டில் இருந்தது வேறு. அவர் வாங்கியது துணைக் கம்பெனியின் பங்கு, பார்த்துக்கொண்டிருந்தது தாய்க் கம்பெனியின் விலை. (பங்குப் பிரிப்பு நடந்தாலும் ஐசின் மாறும். ஆனால் அப்போது கடைசிப் பகுதிதான் மாறும், கம்பெனிக்கான நான்கு எழுத்து அப்படியே இருக்கும்.)

இன்னொரு வழி, கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் கட்டாயம் அச்சடிக்க வேண்டிய சிஐஎன் என்ற 21 எழுத்து எண். எம்ஆர்எஃப்புக்கு L25111TN1960PLC004306. முதல் எழுத்து L என்றால் பட்டியலிடப்பட்டது, U என்றால் இல்லை. பிறகு தொழில் வகை, மாநிலம், கம்பெனியாகப் பதிவான வருடம், கம்பெனி வகை, பதிவு எண். சித்தப்பாவுக்கு வந்த கடிதத்தில் இது U என்றுதான் ஆரம்பித்தது. பங்கை வாங்குவதற்கு முன்பே அந்தக் கடிதம் அவர் கையில் இருந்தது. அதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆனால் L என்று இருந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றும் இல்லை. சந்தையிலிருந்து வெளியேறிய பிறகும் எண்ணை மாற்றாமல் L உடனேயே ஓடும் கம்பெனிகள் உண்டு. நம் பக்கத்துப் பழைய மில் பங்குகளில் இதைப் பார்க்கலாம். பத்திரத்தில் சென்னை, கோவை பங்குச் சந்தைகளின் பெயர் இருக்கும். கோவைச் சந்தை 2013இலும் சென்னைச் சந்தை 2015இலும் செபி அனுமதியோடு மூடிக்கொண்டன. அங்கே மட்டும் பட்டியலில் இருந்த பங்கை இன்று எந்த ஆப்பிலும் விற்க முடியாது.

அப்புறம், குறியீடு கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள், அதன் நிலையையும் பாருங்கள். என்எஸ்இ பக்கத்தில் குறியீட்டோடு இரண்டு எழுத்தில் தொடர் இருக்கும். EQ என்றால் வழக்கமான வர்த்தகம். BE என்றால் அன்றே வாங்கி அன்றே விற்க முடியாது, டெலிவரி கட்டாயம். BZ என்றால் கம்பெனி பட்டியல் விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று சந்தையே அறிவித்திருக்கிறது. பிஎஸ்இயில் இதற்கு Z குரூப். SM என்றால் சிறு நிறுவனங்களுக்கான பிரிவு, அதில் ஒன்றிரண்டாக வாங்க முடியாது, லாட் கணக்குதான். பிஎஸ்இ தளத்தின் கம்பெனிப் பட்டியலில் Active, Suspended, Delisted என்று பிரித்தே தேடலாம். Suspended என்றால் பட்டியலில் பெயர் இருக்கும், வர்த்தகம் நடக்காது. "லிஸ்டட்" என்று ஏஜெண்ட் சொன்னது அப்போது பொய்யாகாது, ஆனால் உங்களால் விற்க முடியாது.

இதைப் படித்துவிட்டு, பட்டியலிடப்படாத பங்கு வாங்குவதே தப்பா என்று யாராவது கேட்பீர்கள். தப்பு என்று நான் சொல்லவில்லை, சட்டப்படி வாங்கலாம், தெரிந்து வாங்கி நல்ல லாபம் பார்த்தவர்களும் உண்டு. நான் செபியில் பதிவு செய்த ஆலோசகனும் இல்லை, எதை வாங்கலாம் என்று சொல்லவும் வரவில்லை. பட்டியலில் இல்லாததை இருக்கிறது என்று சொல்லி விற்றதைத்தான் சொல்கிறேன்.

இதில் எனக்குக் கிடைத்த பெயர் வேறு. அந்த உறவுக்காரர் போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர், இலையை விட்டு எழுந்து வேறு வரிசைக்குப் போனார். நான் குடும்பத்தைப் பிரிக்கிறேனாம். சித்தியும் இரண்டு மாதம் பேசவில்லை. பணம் போட வைத்தவர் மேல் வராத கோபம், கணக்கைக் காட்டியவன் மேல் வந்தது. பன்னிரண்டு எழுத்தை ஒப்பிட்டுக் காட்டியதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏஜெண்டிடம் ஐசினையும் சந்தைக் குறியீட்டையும் எழுத்தில் கேளுங்கள். ஐசின் மட்டும் வந்து, குறியீடு "அடுத்த மாதம் வரும்" என்றால் அது இன்று பட்டியலில் இல்லை. இரண்டும் வந்தால் மேலே சொன்னபடி ஒப்பிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

சித்தப்பாவின் 600 பங்குகளும் இன்னும் டீமேட்டில்தான் இருக்கின்றன. அதே ஏஜெண்டிடம் விற்றுத் தரச் சொன்னதற்கு 310 ரூபாய்க்கு ஆள் இருக்கிறது என்றார். சித்தப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.