மெடிக்கல் சர்டிபிகேட்டில் முதலில் பார்ப்பது தேதியைத்தான்

கேள்வி: திங்கட்கிழமை காய்ச்சல் வந்து வீட்டிலேயே படுத்துவிட்டேன். வியாழன்தான் டாக்டரைப் பார்த்தேன். திங்கள் முதலே லீவ் என்று சர்டிபிகேட் வாங்கலாமா? அதில் என்னென்ன இருக்க வேண்டும்? ஆபீசில் சந்தேகம் வந்தால் எப்படி விசாரிப்பார்கள்? என் தம்பியும் அதே காய்ச்சலில் செமஸ்டர் பரீட்சை ஒன்றை விட்டுவிட்டான், அவனுக்கும் இது உதவுமா?

பதில்:

திங்கள் தேதி போட்டு மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் 11 வருடம் லீவ் பேப்பர் பார்த்தவன் சொல்கிறேன், மாட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாட்டுவது இந்த இடத்தில்தான். சர்டிபிகேட்டில் திங்கள் என்றிருக்கும். கூடவே பின் செய்து கொடுத்த மருந்துச் சீட்டிலும் மெடிக்கல் ஷாப் பில்லிலும் வியாழன் என்றிருக்கும். காய்ச்சல் உண்மையாகவே வந்திருக்கும், ஆனால் பேப்பர் பொய் சொல்லிவிடும்.

டாக்டர் நேர்மையாக எழுதக்கூடியது வேறு மாதிரி. "திங்கள் முதல் காய்ச்சல் இருந்ததாக நோயாளி சொல்கிறார், வியாழனன்று பரிசோதித்தேன், இன்று முதல் இத்தனை நாள் ஓய்வு தேவை" என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் மறுக்க மாட்டார்கள். முதல் மூன்று நாளை என்ன செய்வது என்பது ஆபீசின் கையில். திங்கள் காலையே சூப்பர்வைசருக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டிருந்தால் அந்த நாட்களைக் கேஷுவல் லீவில் கழித்துவிடுவார்கள். போடாமல் இருந்தால் சம்பளப் பிடித்தம் வரலாம். பிடித்தம் பரவாயில்லை, பொய்த் தேதி வேலைக்கே உலை வைக்கும்.

அப்புறம், சான்றில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். டாக்டர்களுக்கான 2002-ஆம் வருட நெறிமுறை விதிகளில் இதற்கு மாதிரிப் படிவமே இருக்கிறது. உங்கள் பெயர், என்ன நோய், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் ஓய்வு, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலரும் விட்டுவிடுவது உங்கள் பக்கத்து விவரங்களை. டாக்டர் முன்னால் நீங்கள் போடும் கையெழுத்து அல்லது கைநாட்டு, முகவரி, 'வலது புருவத்தின் மேல் தழும்பு' என்பது போல ஓர் அங்க அடையாளமாவது அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் பதிலாக அண்ணனோ தம்பியோ போய் வாங்கிவரக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. அதே விதிப்படி டாக்டர் தான் கொடுத்த ஒவ்வொரு சான்றையும் ஒரு ரிஜிஸ்டரில் பதிந்து, நகலும் வைத்திருக்க வேண்டும். விசாரணை என்று வந்தால் இந்த ரிஜிஸ்டர்தான் பேசும்.

இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவராக இருந்தால் தனியார் கிளினிக்கில் அலையாமல் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே சான்று வாங்கிவிடுங்கள். தகுதி இருந்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அந்தச் சான்றில் கம்பெனிக்குச் சந்தேகம் வந்தால், விஷயம் இ.எஸ்.ஐ.யின் மருத்துவ நடுவரிடம் போகும்.

சரி, விசாரிப்பது எப்படி? ஒருவர் முதுகுவலி என்று 8 நாள் சான்று கொண்டுவந்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அந்த '8' மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இடது பக்க வளைவு இரண்டும் வேறு நீலம். டாக்டருக்குச் சான்றின் நகலை இணைத்து, "இது தாங்கள் கொடுத்ததுதானா, எத்தனை நாளுக்கு?" என்று மட்டும் கேட்டுக் கடிதம் எழுதினோம். ரிஜிஸ்டரைப் பார்த்து '3' என்று பதில் வந்தது. நோயாளியைப் பற்றி அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை, எழுதவும் கூடாது. சிகிச்சை விவரம் நோயாளியின் ரகசியம். கம்பெனி கேட்கக்கூடியது சான்று உண்மையா என்பது மட்டும்தான். அந்த ஆளுக்கு மெமோ, விளக்கம், உள்விசாரணை என்று போனது. 3 நாளோடு நிறுத்தியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு கேஸில் தப்பு என்னுடையது. ஒரு ஆபரேட்டர் வைரல் காய்ச்சல் என்று 4 நாள் சான்று கொடுத்தார். முத்திரையில் இருந்த பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்தில் தேடினேன். வேறு ஒரு டாக்டரின் பெயர் வந்தது. போலி என்று முடிவு கட்டி அன்றைக்கே மெமோ அடித்துவிட்டேன். மறுநாள் அவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். கையில் ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இரண்டு பில்.

"சார், அத்திப்பள்ளி எந்த ஸ்டேட்டு?"

மாமியார் வீட்டில் இருந்தபோது காய்ச்சல் வந்திருக்கிறது. பார்த்த டாக்டர் கர்நாடகக் கவுன்சிலில் பதிந்தவர். முத்திரையில் மை பரவி 'கே.எம்.சி.' என்ற எழுத்துகள் அழிந்துபோயிருந்தன, எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு மாநிலக் கவுன்சிலும் தனித்தனியாக எண் கொடுப்பதால் ஒரே எண் இரண்டு மாநிலத்தில் இரண்டு பேருக்கு இருக்கும். அதே போலச் சித்த மருத்துவருக்கு வேறு கவுன்சில், பல் டாக்டருக்கு வேறு கவுன்சில். எண்ணை மட்டும் வைத்துப் போலி என்று யாரையும் சொல்ல முடியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மெமோவை வாபஸ் வாங்கிக் கடிதம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

அதனால் உங்கள் ஆபீசில் சந்தேகப்பட்டால் பதறாதீர்கள், கோபப்பட்டு வாக்குவாதமும் வேண்டாம். எது சந்தேகம், தேதியா, எண்ணா, கையெழுத்தா என்று எழுத்தில் கேளுங்கள். ஓ.பி. சீட்டு, பில், டெஸ்ட் ரிப்போர்ட் நகலோடு எழுத்திலேயே பதில் கொடுங்கள். ஒரிஜினல் சான்றைக் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டாக்டரிடம் காட்டச் சொன்னால் போய்விடுங்கள். ஆனால் வைரல் காய்ச்சல் ஆறிப் பத்து நாள் கழித்துக் காட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை, அதையும் பதிலில் எழுதிவிடுங்கள். மீண்டும் வேலைக்குச் சேரும்போது ஃபிட்னஸ் சான்று கேட்பார்கள். அது லீவ் முடியும் நாளிலோ சேரும் நாளிலோ இருக்க வேண்டும். லீவுக்கான சான்றும் ஃபிட்னஸும் ஒரே தேதியில் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் வாங்கியது என்று தெரிந்துவிடும்.

தம்பி விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அவன் படிப்பது அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி என்றால், அதன் விதிகளில் மருத்துவச் சான்று உதவுவது முக்கியமாக வருகைப்பதிவுக்கு. 75 சதவீதம் வேண்டிய இடத்தில், தக்க மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை இருப்பவர்களையும் பரீட்சை எழுத அனுமதிக்க வழி உண்டு. விட்டுப்போன செமஸ்டர் தாளை அடுத்த முறைதான் எழுத வேண்டியிருக்கும். இன்டர்னல் டெஸ்ட் என்றால் கதை வேறு, மறுதேர்வு வைப்பது கல்லூரி கையில். சான்றை வைத்துக்கொண்டு அந்த வாரமே துறைத் தலைவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண் ஏற்றிய பிறகு போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.