மூக்கில் பரு, ஈரோட்டில் கல்யாணம்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் பெரியப்பா பையன் கல்யாணமுங்க. மூக்கு நுனியில் பெரிய பரு. வர்றவங்க எல்லாரும் அதையேதான் பார்ப்பாங்களா?

இல்லைங்க. நீங்கள் நினைப்பதில் பாதிப் பேர் கவனித்தாலே அதிகம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிலோவிச் என்ற உளவியலாளரின் குழு இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டது. பாரி மனிலோ என்ற பாடகரின் படம் போட்ட டி-சர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதுக்காரர்களுக்கு அது மானக்கேடான சட்டை. போட்டவர்கள், கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றார்கள். படத்தில் இருப்பவரைச் சரியாகச் சொன்னது கால்வாசிப் பேர்தான்.

காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பருவையே பார்க்கிறீர்கள் இல்லையா, உங்கள் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. அடுத்தவருக்கு இவ்வளவு தெரியாது என்று கொஞ்சம் குறைக்கிறீர்கள், ஆனால் குறைத்தது போதவில்லை. சட்டையைப் போட்டுக் கால் மணி நேரம் பழகவிட்டு அனுப்பியபோது மதிப்பீடு இறங்கியது. அதனால் மண்டப வாசலில் மறுபடி செல்போனில் முகம் பார்க்காதீர்கள், கிள்ளவும் வேண்டாம். கிள்ளினால் சிவந்து வீங்கி, நிஜமாகவே கண்ணில் படும்.

தினமும் உங்கள் முகத்தைப் பார்ப்பவர்கள் கணக்கு வேறு. அம்மிச்சி கட்டாயம் "என்ன கண்ணு மூக்குல?" என்று கேட்பார். பந்தியில் இடம் பிடிக்க நிற்கும் ஒன்றுவிட்ட சொந்தங்களுக்கு அதெல்லாம் தெரியாது.